வியாழக்கிழமை ரெக்கார்டும் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கும்

கேள்வி: எங்க வீட்டுப் பையன் இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். எதையும் கடைசித் தேதிக்குள் கொடுத்ததே இல்லை. 'ப்ளான் போட்டுப் படிடா' என்றால் காதில் ஏறுவதில்லை. வாரத் திட்டம் ஒரு மாணவனை நிஜமாகவே மாற்றியதை ஒரு சின்னக் கதையாகச் சொல்ல முடியுமா? அவனிடம் படிக்கக் கொடுக்கணும்.

பதில்: கதையில் வருகிறவர்கள் கற்பனை. ஆனால் கெடு எப்படித் தவறுகிறது, எந்த இடத்தில் சரியாகிறது என்பதெல்லாம் பொறியியல் கல்லூரி லேப்பில் வருடா வருடம் நான் கண்ணால் பார்ப்பது. அதனால் விவரங்களை விட்டுவிடாமல் எழுதுகிறேன், பையனுக்கு விவரம்தான் உதவும்.

அவன் திருப்பூர்ப் பையன். ஈசிஇ, நான்காம் செமஸ்டர். வீட்டிலிருந்தே போய்வருகிறவன். காலை 7.10க்கு காலேஜ் பஸ் ஏறினால் மாலை 6.15க்குத்தான் திரும்பக் கொண்டுவந்து இறக்கும். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அக்கா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையன் மக்கு இல்லை. சோம்பேறி என்றும் சொல்ல முடியாது, வாரத்தில் இரண்டு இரவாவது ஒரு மணி வரை உட்கார்ந்து எழுதுகிறவனைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது? ஆனாலும் எழுதியது எதுவும் நேரத்துக்குப் போய்ச் சேராது.

அவனுக்கு வாரம் தவறாமல் வருகிற கெடுக்கள் மூன்று. வியாழன் மதியம் எல்ஐசி லேப், அதாவது லீனியர் இன்டெகிரேட்டட் சர்க்யூட்ஸ். போன வாரம் செய்த எக்ஸ்பெரிமென்டை ரெக்கார்டில் எழுதிக்கொண்டு போய், லேப் ஆரம்பிக்கும்போதே கையெழுத்து வாங்கிவிட வேண்டும், தவறினால் அந்த எக்ஸ்பெரிமென்டுக்கு மார்க் குறையும். புதன் இரவு 11.59க்கு என்பிடெல் என்கிற ஆன்லைன் பாடத்தின் அசைன்மென்ட். அப்புறம் எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ் பாடத்தில் ஒரு அசைன்மென்ட், செவ்வாய் கொடுத்தால் அடுத்த வார வியாழன் கேட்பார்கள். இதுபோக மேத்ஸ் ட்யூட்டோரியல் என்று கொஞ்சம் இருக்கும், அது அவ்வளவு பெரிய தொந்தரவில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் லேப் வாசலிலேயே சார் நிறுத்தினார்.

"ரெக்கார்டு எங்கப்பா?"

"நாளைக்குக் கொடுத்துடறேன் சார்."

"போன வாரமும் இதே நாளைக்குத்தான். மூணு எக்ஸ்பெரிமென்ட் பாக்கி நிக்குது உனக்கு."

முந்தின நாள் இரவு அவன் தூங்கியிருக்கவே இல்லை, அதுதான் கொடுமை. பத்து மணிக்கு என்பிடெல்லைத் திறந்திருக்கிறான், அந்த வாரப் பாடங்களை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறான். ஒவ்வொன்றும் அரை மணி நேரம் ஓடும், மொத்தம் ஐந்து. வேகத்தைக் கூட்டி ஓட்டி, பாதி புரிந்து பாதி புரியாமல் கேள்விகளைக் குத்திக்கொண்டே வந்து, 11.58க்கு சப்மிட் அழுத்தினால் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. போயிற்று. அதற்கப்புறம் ரெக்கார்டை எடுத்து, தியரி இரண்டு பக்கம் எழுதி, கிராஃப் போடலாம் என்று பார்த்தால் செமி-லாக் ஷீட் கையில் இல்லை. இரவு ஒன்றரை மணிக்கு எந்தக் கடையில் போய் வாங்குவது?

அந்த வாரம் கிளாஸ் அட்வைசர் மேடம் வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது அக்கா.

அக்கா திட்டவில்லை. ஏனென்றால் திட்டுகிற வேலையை அம்மா ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தார், "ஏன் சாமி, எங்களைத் தலை குனிய வைக்கிறே" என்று ஆரம்பித்து அரை மணி நேரம். அக்கா ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"நீ ப்ளான் போட்டதே இல்லையாடா?"

போட்டிருக்கிறான். பீரோ கதவில் இன்னும் ஒட்டியிருந்தது. நாலு கலர் ஸ்கெட்ச் பேனாவில் கோடு போட்டு, காலை 5 மணிக்கு எழுந்திருப்பதில் தொடங்கி இரவு 11 வரை அரை மணி நேரக் கட்டங்கள். அவன் வயதில் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒன்று ஒட்டியிருக்கும். திங்கள்கிழமை ஓடும், செவ்வாய்க்கிழமை எங்காவது ஒரு கட்டம் தவறும். தவறிய வேலைக்கு அந்தத் தாளில் வேறு இடமே கிடையாது, எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. ஒன்று போனால் மீதி எல்லாமே பொய்யாகிவிடும், புதன்கிழமை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே மனசு வராது. தாள் மட்டும் மாசக்கணக்கில் ஒட்டியபடி இருக்கும்.

அக்கா அதைக் கிழிக்கக்கூட இல்லை, படித்துப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டாள்: "ரெக்கார்டு ஒரு மணி நேரம்னு போட்டிருக்கே. யார் சொன்னது ஒரு மணி நேரம்னு?"

"அவ்வளவுதான்கா ஆகும். நாலு பக்கம் எழுதணும், ஒரு சர்க்யூட், ஒரு கிராஃப்."

"அளந்து பார்த்தியா?"

இல்லை. யாரும் அளப்பதில்லை. இங்கேதான் கதையின் முதல் திருப்பம் என்பேன், ஏனென்றால் அக்கா அன்றைக்கு எந்தத் திட்டமும் போட்டுக் கொடுக்கவில்லை. "இந்த ஒரு வாரம் நீ எப்பவும் போலவே இரு. எந்த வேலைக்கு உட்கார்ந்தாலும் போன்ல ஸ்டாப்வாட்ச் போடு. எழுந்திருக்கும்போது நிறுத்தி, என்ன வேலை எவ்வளவு நேரம்னு ஒரு நோட்ல எழுது. அது போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு நோட்டைத் திறந்தபோது ரெக்கார்டுக்கு நேராக 2 மணி 25 நிமிடம் என்று இருந்தது. அவன் சொன்னதோ ஒரு மணி நேரம். ஃபீல்ட்ஸ் அசைன்மென்டை ஒன்றரை மணி என்று நினைத்திருந்தான், மூன்று மணி நேரம் ஓடியிருந்தது, அதுவும் முடியாமல். என்பிடெல் கேள்விகளுக்கு மட்டும் ஒரு மணி நேரம், பாடம் பார்க்கிற இரண்டரை மணி தனி.

இப்படிக் குறைத்து மதிப்பிடுவது இந்தப் பையனுக்கு மட்டும் உள்ள கோளாறு இல்லை. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979லேயே இதற்குத் தனியாகப் பெயர் வைத்து எழுதினார்கள். 1994ல் கனடாவில் மூன்று உளவியலாளர்கள், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாளில் என்று பதில் வந்தது, உண்மையில் ஆனதோ சுமார் 55 நாள். தான் சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: அடுத்தவர் வேலை எப்போது முடியும் என்று கணிக்கும்போது மனிதர்களுக்கு இந்த அதீத நம்பிக்கை வருவதில்லை. நம் வேலை என்றால் அது ஒழுங்காக நடந்து முடிவதைத்தான் மனசு கற்பனை செய்கிறது, போன தடவை என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால்தான் பையன் தானே தனியாக உட்கார்ந்து போடுகிற திட்டத்தில் எப்போதும் நேரம் குறைவாகவே விழும். பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும், அல்லது அளந்து எழுதிய நோட்டாவது வேண்டும்.

நோட்டில் அக்கா இன்னொன்றையும் பிடித்தாள். அந்த 2 மணி 25 நிமிடத்தில், உட்கார்ந்த முதல் 35 நிமிடம் ஒரு வரிகூட எழுதவில்லை.

"அந்த நேரம் என்னடா பண்ணினே?"

"ரீடிங் தேடினேன்கா. என் அப்சர்வேஷன் நோட்ல பாதிதான் இருந்துச்சு. பேட்ச்ல இன்னொருத்தன்தான் முழுசா எழுதுவான், அவன்கிட்ட போட்டோ அனுப்பச் சொல்லிட்டு உட்கார்ந்திருந்தேன். போன் கையில இருந்துச்சா…"

மீதியை அவன் சொல்ல வேண்டியதில்லை. போட்டோ வருவதற்குள் போன் அவனை எங்கெங்கோ கூட்டிக்கொண்டு போயிருக்கும்.

இந்த 35 நிமிடம்தான் அவனுடைய ரெக்கார்டு பிரச்சினையின் ஆணிவேர். எழுதுவது அவனுக்குக் கஷ்டமில்லை. எழுதத் தேவையானவை கையில் இல்லாததால் ஆரம்பிப்பது கஷ்டமாக இருந்தது, கஷ்டமாக இருந்ததால் புதன் இரவு வரை தள்ளிப்போனது. 'நேரத்தை வீணாக்குகிறான்' என்று வீட்டில் எல்லோரும் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது, கிட்டப் போய்ப் பார்த்தால், பாதி எழுதிய ஒரு அட்டவணையும் வாங்காத ஒரு செமி-லாக் ஷீட்டும்தான்.

அப்புறம்தான் அக்கா தன் தொழிலை எடுத்தாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஒரு ஆர்டர் வந்தால் முதலில் போடுவது டைம் அண்ட் ஆக்‌ஷன் சார்ட். ஷிப்மென்ட் தேதியைக் கடைசியில் எழுதிவிட்டு அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே வருவார்கள்: பேக்கிங், அதற்கு முன் அயர்னிங், செக்கிங், தையல், கட்டிங், அதற்கும் முன் சாயம், நிட்டிங், நூல்.

"எங்க ஆபீஸ்ல ஷிப்மென்ட் தேதியைப் பார்த்து யாரும் வேலை செய்யறதில்லடா. துணி என்னைக்கு உள்ள வரணும், கட்டிங் என்னைக்கு ஏறணும், அந்தத் தேதிதான் எல்லார் வாயிலயும் இருக்கும். அது தவறிட்டா ஷிப்மென்ட் போச்சுன்னு அன்னைக்கே தெரிஞ்சிடும். கப்பலை விட்டுட்டா ஏர்ல அனுப்பணும், அந்தச் செலவு கம்பெனி தலையில. நீ என்ன பண்றே, எல்லாத்துக்கும் கப்பல் தேதியை மட்டும் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே."

சரி, என்று இருவரும் ஒரு முழு நோட்டுத் தாளை எடுத்துக்கொண்டார்கள். முதலில் கெடு எழுதவில்லை, எவ்வளவு நேரம் உண்மையில் இருக்கிறது என்று பார்த்தார்கள். 6.15க்கு இறங்கி, முகம் கழுவி, காபி குடித்து, கொஞ்சம் படுத்து எழுந்தால் எட்டு மணி. ஒன்பதரைக்குச் சாப்பாடு. அதற்கு மேல் எழுதுவது வேலைக்காகாது என்று நோட்டே சொன்னது, பத்து மணிக்கு மேல் எழுதிய பக்கங்களில் பாதியை அடித்துத் திருத்தியிருந்தான். ஆக ஒரு மாலைக்கு ஒன்றரை மணி நேரம். வியாழன் லேப் முடிந்து நின்ற கால் வலிக்கும், அன்றைக்கு வேண்டாம். மீதி நாலு மாலைக்கு ஆறு மணி நேரம், சனி காலையில் மூன்று, ஞாயிறு இரண்டு. மொத்தம் 11 மணி நேரம். கலர் அட்டவணையில் அவன் வாரத்துக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் கட்டம் கட்டியிருந்தான்.

வேலையின் பக்கம்: ரெக்கார்டு இரண்டரை மணி, ஃபீல்ட்ஸ் மூன்று, என்பிடெல் கேள்விகள் ஒன்று, ட்யூட்டோரியல் ஒன்று. கூட்டினால் ஏழரை. என்பிடெல் பாடங்களை வீட்டு நேரத்தில் சேர்க்கவில்லை, பஸ்ஸில் போகவர தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மாதான் போகிறது, முந்தின இரவே டவுன்லோட் செய்துவைத்தால் ஒரு நாளைக்கு ஒன்று கேட்கலாம். பஸ்ஸில் எழுத முடியாது, கேட்க முடியும், அதனால் கேட்கிற வேலை அங்கே போனது.

பிறகு கெடுவிலிருந்து பின்னால் எண்ணினார்கள். ரெக்கார்டுக்கு அடுத்த வியாழன் கெடு என்றால் அதை எழுத நல்ல நாள் எது? பையன் செவ்வாய் என்றான். அக்கா வெள்ளி என்றாள், லேப் முடிந்த மறுநாளே, செய்தது ஞாபகத்தில் இருக்கும்போதே. வெள்ளி மாலை ஒன்றரை மணியில் வலப்பக்கத்துக் கோடு போட்ட தாளில் எய்ம், தியரி, ப்ரொசீஜர். சனி காலை முதல் ஒரு மணியில் இடப்பக்கத்து வெள்ளைத் தாளில் பென்சிலால் சர்க்யூட்டும் டேபுலேஷனும், அப்புறம் கிராஃப். அடுத்த இரண்டு மணி ஃபீல்ட்ஸ் ஆரம்பம், செவ்வாய் மாலை ஒரு மணியில் அதை முடிப்பது. திங்கள் ஒரு மணி என்பிடெல் கேள்வி. திங்களிலும் செவ்வாயிலும் மிஞ்சுகிற அரை அரை மணி ட்யூட்டோரியலுக்கு.

புதன் மாலையில் எதுவும் எழுதவில்லை. ஞாயிறு இரண்டு மணியிலும் எழுதவில்லை.

"இது எதுக்குக்கா சும்மா விடறே? ஃபில்டர்ஸ் வேற படிக்கணும்."

"சும்மா இல்லடா. தவறினது வந்து உட்கார்ற இடம். ஒண்ணுமே தவறலைன்னா படி, இல்லைன்னா போய் கிரிக்கெட் ஆடு."

ஏழரை மணி வேலைக்குப் பதினோரு மணி நேரத்தில் மூன்றரை மணியைக் காலியாக விட்டது இருவரும் சேர்ந்து செய்ததிலேயே முக்கியமான காரியம் என்று நினைக்கிறேன். கலர் அட்டவணைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. திட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது காலியாக இல்லையென்றால் முதல் இடறலிலேயே அது செத்துவிடும்.

இன்னொரு சின்ன விதியும் சேர்த்தார்கள். வியாழன் லேப்பை விட்டு வெளியே வருவதற்கு முன் அப்சர்வேஷனில் எல்லா ரீடிங்கும் இருக்க வேண்டும், பேட்ச் நண்பன் எழுதியிருந்தால் அங்கேயே நின்று காப்பி பண்ண வேண்டும். கையெழுத்து வாங்கியதும் பஸ்ஸுக்குப் போகிற வழியில் காலேஜ் ஸ்டோரில் கிராஃப் ஷீட். இதைத் தாளின் தலையில் எழுதினார்கள், 'லேப் முடிந்ததும் ரீடிங், ஸ்டோர் வாசலில் ஷீட்' என்று. 'ஒழுங்காக ரெக்கார்டு எழுதுவேன்' என்று எழுதியிருந்தால் அது சபதம். எந்த இடத்தில் நிற்கும்போது என்ன செய்வது என்று எழுதியதால் அந்த இடம் வந்ததும் கை தானாகச் செய்தது.

முதல் வாரம் வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு உட்கார்ந்தான். இன்டெக்ரேட்டர் சர்க்யூட், 741 ஐசி வைத்துச் செய்தது. ரீடிங் எல்லாம் அப்சர்வேஷனிலேயே இருந்தது. யாருக்கும் மெசேஜ் அனுப்ப வேண்டியிருக்கவில்லை, அதனால் போனை எடுக்கவே வேலை வரவில்லை. ஒன்பதரைக்குத் தியரியும் ப்ரொசீஜரும் முடிந்திருந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே அம்மா எழுப்பினார், சித்தி வீட்டில் காதுகுத்து, எல்லோரும் போயாக வேண்டும். சனி மூன்று மணி நேரமும் போனது.

பழைய பையனாக இருந்தால் இதோடு கதை முடிந்திருக்கும், 'இந்த வாரம் கெட்டுப்போச்சு, அடுத்த வாரத்திலிருந்து ஒழுங்கா ஆரம்பிக்கலாம்' என்று. ஞாயிறு மாலை அக்கா தாளை எடுத்து, சனியில் இருந்த ரெக்கார்டு ஒரு மணியை அம்புக்குறி போட்டு ஞாயிறுக்கு இழுத்தாள். ஃபீல்ட்ஸ் இரண்டு மணியில் ஒரு மணி ஞாயிறு, இன்னொரு மணி புதன். அவ்வளவுதான். வியாழன் மதியம் லேப்பில் சார் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார், ஒன்றும் சொல்லவில்லை. பழைய மூன்று பாக்கியையும் ஒரே மூச்சில் முடிக்கிறேன் என்று பையன் துள்ளினான், அக்கா விடவில்லை. வாரத்துக்கு ஒன்று, புதன் காலி நேரத்தில், அது மிஞ்சினால் மட்டும். அவை முடிய ஒரு மாசத்துக்கு மேலே ஆயிற்று.

இன்டர்னல் டெஸ்ட் வந்த வாரம் இந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். அந்த வாரத்துக்கு வேறு தாள். சாதாரண வாரத் திட்டத்துக்குள்ளேயே டெஸ்டையும் திணித்தால் இரண்டும் கெடும்.

ஐந்தாவது வாரம் வேறு மாதிரி ஒரு சிக்கல் வந்தது. ஞாயிறு தாளைப் பார்த்தால் ஃபீல்ட்ஸ் மட்டும் மூன்று வாரமாக அம்புக்குறி போட்டு நகர்ந்துகொண்டே இருந்தது. சனியிலிருந்து ஞாயிறு, ஞாயிறிலிருந்து புதன், புதன் இரவு நண்பன் நோட்டைப் பார்த்து எழுதி முடிப்பது. நேரம் ஒதுக்கியிருக்கிறான், உட்கார்ந்தும் இருக்கிறான், ஆனால் நகரவில்லை.

"இது நேரப் பிரச்சினை இல்லடா. இதுல உனக்கு என்னமோ புரியலை. எந்த இடம்?"

கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டுக் கடைசியில் சொன்னான்: சிலிண்ட்ரிக்கல் கோஆர்டினேட்டில் கணக்கு வந்தால் வெக்டரை எப்படி மாற்றுவது என்று தெரியவில்லை. x, y, z-யில் கொடுத்தால் போடுவான். வட்டமான கம்பி, கோஆக்ஸியல் கேபிள் என்று வந்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுவான். வகுப்பில் அதை நடத்திய நாள் அவன் வரவில்லை, அதற்கப்புறம் கேட்க வெட்கம்.

திட்டம் இவ்வளவு தூரம்தான் வரும். புரியாத பாடத்தை எந்தக் கட்டத்தில் எழுதினாலும் அது அங்கேயேதான் நிற்கும், இன்னும் நாலு மணி நேரம் ஒதுக்கினாலும் அந்த நேரமும் வீண். ஆனால் ஒரு வேலை மூன்று வாரம் தொடர்ந்து நகர்ந்தால், அது தாளில் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. தாள் இல்லாத காலத்தில் ஃபீல்ட்ஸும் ரெக்கார்டும் என்பிடெல்லும் எல்லாமே சேர்ந்து தவறிக்கொண்டிருந்ததால், எது நேரமில்லாமல் தவறுகிறது, எது புரியாமல் தவறுகிறது என்று அவனுக்கே தெரிந்திருக்கவில்லை. அந்த வாரத் தாளில் ஃபீல்ட்ஸ் கட்டத்தை அடித்துவிட்டு 'செவ்வாய் மதிய இடைவேளை, ஸ்டாஃப் ரூம், மேடமிடம் கோஆர்டினேட் கேட்பது' என்று எழுதினார்கள். அவன் போனான். ஒரு கணக்கை அவர் முன்னால் உட்கார்ந்து போட்டான், இருபது நிமிடம் ஆயிற்று. அதற்கடுத்த அசைன்மென்ட் இரண்டேகால் மணியில் முடிந்தது.

என்பிடெல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பல மாணவர்கள் கவனிப்பதே இல்லை. 12 வாரப் பாடத்தில் மிகச் சிறந்த 8 அசைன்மென்ட்களின் சராசரியைத்தான் எடுப்பார்கள், அதற்கு 25 மார்க், தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30, இரண்டும் தனித்தனியாக வந்தால்தான் சான்றிதழ். அப்படியென்றால் நாலு வாரம் தவறினாலும் தாங்கும். அவன் திட்டம் போடுவதற்கு முன்பே மூன்றைத் தவறவிட்டிருந்தான், மிச்சம் ஒன்று. அக்கா அதைத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்தாள். பத்தாவது வாரம் அவனுக்குக் காய்ச்சல், திங்களும் செவ்வாயும் எழுந்திருக்கவே இல்லை. புதன் இரவு எழுந்து உட்காரப் போனவனிடம், "படு, அந்த ஒண்ணு இதுக்குத்தான்" என்றாள். வேண்டுமென்றே, தெரிந்தே ஒரு கெடுவை விட்டது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. கடைசி இரண்டு அசைன்மென்ட்டும் திங்களிலேயே போய்ச் சேர்ந்தன.

அவனிடம் என்ன மாறியது என்று கேட்டால், குணம் மாறியதாக நான் சொல்ல மாட்டேன். இப்போதும் அவனை விட்டால் புதன் இரவு வரை தள்ளுவான். மாறியது, வேலை ஆரம்பிக்கிற நேரமும், ஆரம்பிக்கும்போது கையில் என்ன இருக்கிறது என்பதும்தான். முதல் நாலைந்து ஞாயிறு அக்கா கூப்பிட வேண்டியிருந்தது, அரை மணி நேரம் பிடித்தது. அதற்கப்புறம் அவனே தாளைக் கொண்டுவந்து போட்டான், பத்து நிமிடத்தில் எழுந்தான். அந்த ஞாயிறு உட்காருதல் இல்லாமல் வெறும் தாளை மட்டும் ஒட்டியிருந்தால் மூன்றாவது வாரமே அது பீரோ கதவுக் கலர் அட்டவணையோடு சேர்ந்திருக்கும். உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் ஞாயிறு பத்து நிமிடம் அவனோடு உட்கார முடியுமா என்று பாருங்கள். திட்டக்கூடாது, 'இது ஏன் நகர்ந்தது' என்று மட்டும் கேட்க வேண்டும். முடிந்தால் அப்பா அம்மாவைவிட அண்ணனோ அக்காவோ நல்லது, மழுப்பாமல் பதில் வரும்.

மாடல் ப்ராக்டிக்கலுக்கு முன்னால் எல்லா எக்ஸ்பெரிமென்டும் கையெழுத்தோடு இருந்தது. பாக்கி வைத்த மூன்றுக்கும் குறைத்த மார்க் குறைத்ததுதான், அது திரும்ப வரவில்லை.

ஐந்தாம் செமஸ்டர் தொடங்கியபோது டைம்டேபிள் மாறி, லேப் செவ்வாய்க்கிழமைக்குப் போனது. அந்த ஞாயிறு அக்கா வீட்டில் இல்லை, ஷிப்மென்ட் வேலை என்று கம்பெனிக்குப் போய்விட்டாள். அவன் தனியாக உட்கார்ந்து பழைய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிய தாளில் கோடு போட்டான். ரெக்கார்டு புதன் மாலைக்கு வந்தது, ஓய்வு நாள் செவ்வாய்க்கு மாறியது, காலி நேரம் ஞாயிறும் திங்களும். புதிய லேப்பின் ரெக்கார்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாததால் அந்தக் கட்டத்தில் எண் எழுதாமல் விட்டுவிட்டு, பக்கத்தில் 'ஸ்டாப்வாட்ச்' என்று எழுதினான்.